சத்தமும் பிசுபிசுப்பும் ஆகாத ஆட்டிசப் பிள்ளைக்கு என்ன விளையாட்டு சாமான் குடுக்கலாம்

ஆட்டிசம் இருக்கிற பிள்ளைக்கு என்ன வாங்கிக் குடுக்கலாம்னு ஆன்லைன்ல தேடிப் பாத்தா "சென்சரி டாய்"னு பேரு போட்டு ஒரு குவியலே வந்து விழும், லைட் எரியுறது, பாட்டு பாடுறது, ஸ்லைம், முள்ளு முள்ளா இருக்கிற பந்து, அமுக்கினா கீச்சுன்னு கத்துற பொம்மைன்னு. அதுல பெரும்பாலானது சத்தத்தையும் தொடுதலையும் தேடித்தேடிப் போற பிள்ளைகளுக்குத்தான் சரிப்படும். ஆனா மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கிட்டு கட்டிலுக்கு அடியில போயிருற பிள்ளைக்கு, கையில கோந்து பட்டா உடம்பே சிலிர்த்துப்போற பிள்ளைக்கு, அதே சாமான் தொந்தரவாத்தான் இருக்கும். இந்த ரெண்டாவது வகைப் பிள்ளையப் பத்தி மட்டும்தான் இங்க சொல்லுதேன். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பிள்ளைகள அன்றாட வேலையும் விளையாட்டும் செய்யப் பழக்குறவ, சுருக்கமா ஓ.டி.ன்னு சொல்லுவாவ, அம்பாசமுத்திரம் பாளையங்கோட்டை பக்கத்துப் பிள்ளைகளத்தான் அதிகமா பாக்கேன்.

மொதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சாத்தான் சாமானைப் பத்திப் பேச முடியும். நம்ம வீட்டுல ஒரே நேரத்துல ஃபேன் ஓடுது, பக்கத்து வீட்டுல டிவி ஓடுது, ரோட்டுல பஸ் ஹாரன் அடிக்கான், நாம எதையும் கவனிக்கதே இல்ல, மூளை வேண்டாததை எல்லாம் ஒதுக்கிருது. இந்தப் பிள்ளைகளுக்கு அந்த ஒதுக்குற வேலை சரியா நடக்காது, எல்லாம் முன்னால வந்து நிக்கும். தொடுதலும் அப்படித்தான், சட்டைக் காலருக்குப் பின்னால தச்சிருக்கிற லேபிள் நமக்குப் போட்ட ரெண்டாவது நிமிஷத்துல மறந்துபோகும், அவனுக்கு சாயங்காலம் வரைக்கும் உறுத்திக்கிட்டே இருக்கும். இது பிடிவாதமும் இல்ல செல்லமும் இல்ல, 2013-ல அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட கையேட்டுலயே ஆட்டிசத்தோட அடையாளங்கள்ல ஒண்ணா இதைச் சேத்துட்டாவ.

இதுல ஒரு விஷயம் நெறைய பேருக்குத் தெரியாது, ஆனா சாமான் தேர்ந்தெடுக்க அதுதான் சாவி. 1943-ல லியோ கேனர்னு ஒரு டாக்டர் அமெரிக்காவுல 11 பிள்ளைகளப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாரு, ஆட்டிசம்னு தனியா ஒண்ணு இருக்குன்னு விவரமா எடுத்துச் சொன்ன கட்டுரை அது. அந்தப் பிள்ளைகள் எதுக்கெல்லாம் பயப்பட்டதுன்னு எழுதியிருக்காரு, வாக்குவம் கிளீனர், லிஃப்ட், முட்டை அடிக்கிற கருவி, சாவி குடுத்தா ஓடுற பொம்மை, சில நேரம் காத்து அடிக்கிறதுக்குக் கூட. ஆனா கூடவே இன்னொண்ணும் கவனிச்சாரு, அதே பிள்ளை தானே ஒரு சத்தத்தைப் போட்டா, அது எவ்வளவு பெரிய சத்தமா இருந்தாலும் சந்தோஷமா இருக்குது. அப்போ சத்தத்தோட அளவு மட்டும் இல்ல பிரச்சனை, எப்போ வரும் எப்போ நிக்கும்னு தெரியாம தன் மேல வந்து விழுற சத்தம்தான் பிரச்சனை. தொடுதலுக்கும் இதையே நான் பாத்திருக்கேன், அடுத்தவுக வந்து கன்னத்தைத் தடவினா துள்ளுற பிள்ளை, தானே போய் அம்மா கையை எடுத்து நெத்தியில அழுத்தி வச்சுக்கிடும்.

அதனால நான் எந்த சாமானை எடுத்தாலும் மொதல்ல கேக்கிற கேள்வி, இதை ஆரம்பிக்கிறதும் நிப்பாட்டுறதும் பிள்ள கையில இருக்கா? ஒரு பட்டனை அமுக்கினா முப்பது செகண்ட் பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும், நிப்பாட்ட வழி இல்லன்னா அது இந்தப் பிள்ளைக்கு ஆகாது. ஒரு டப்பாவைக் குலுக்கினா சத்தம் வரும், விட்டா நின்னுரும்னா அது ஆகும்.

ஒரு பையன் கதையை வச்சே சொல்லுதேன், அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரத்தை மாத்தியிருக்கேன். அஞ்சு வயசு, அம்பாசமுத்திரம் பக்கத்துல ஒரு ஊரு, வீட்டுல அம்மா அப்பா ஆச்சி தாத்தா. பேச்சு கொஞ்சம்தான், ரெண்டு வார்த்தை சேத்துச் சொல்லுவான். ஆச்சிதான் கூட்டிட்டு வந்தாவ. "எம்மா, இவன் மாமன் துபாய்ல இருந்து காரு வாங்கிட்டு வந்தான், போட்ட ஒடனே தூக்கி வாசல்ல எறிஞ்சிட்டான், மண்ணுல விடுன்னு சொன்னாவ விட்டேன், கையை விரிச்சுக்கிட்டு ஒரே அழுகை, இவனுக்கு என்னதாம்மா புடிக்கும்?"ன்னு கேட்டாவ. நான், "ஆச்சி, புடிக்காததை விடுங்க, யாரும் எதுவும் குடுக்காதப்போ அவனா என்ன பண்ணுதான்?"ன்னு கேட்டேன். ஆச்சி கொஞ்சம் யோசிச்சுட்டு வரிசையா சொன்னாவ. எவர்சில்வர் தட்டைச் சுத்திவிட்டு குனிஞ்சு பாப்பான். பீரோவுக்கும் சுவத்துக்கும் நடுவுல போய் ஒடுங்கி நிப்பான். அரிசி டிரம்மைத் தள்ளிக்கிட்டே அடுக்களை வரைக்கும் போவான். பழைய பனியன் ஒண்ணு, அதைத்தான் போடுவான். சோறு குழைஞ்சா தொட மாட்டான், முறுக்குன்னா தின்பான்.

இது அத்தனையும் எனக்குத் தகவல். தட்டு சுத்துறது பாக்கப் புடிக்குது, எவர்சில்வரோட வழவழப்பும் குளிர்ச்சியும் கைக்கு ஒத்துப்போகுது. ஒடுங்கி நிக்கிறதும் டிரம்மைத் தள்ளுறதும் உடம்புக்கு நல்ல அழுத்தம் குடுக்குது. முறுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்கும், குழைஞ்ச சோறு ஒவ்வொரு கவளமும் வேற மாதிரி இருக்கும். நீங்களும் எதையும் வாங்குறதுக்கு முன்னால ஒரு வாரம் ஒரு நோட்டுல இப்படி எழுதிப் பாருங்க, எந்த சத்தத்துக்கு என்ன பண்ணுதான், அவனா எதைத் தொடுதான், களைச்சுப்போனா எங்க போறான்னு. இன்னொண்ணு, காது டெஸ்ட் பண்ணாம இருந்தா அதை மொதல்ல பண்ணிருங்க, காதுல சீழோ வலியோ இருந்தாலும் பிள்ள காதைப் பொத்தும், பேசத் தெரியாத பிள்ள அதை எப்படிச் சொல்லும்.

இப்போ அந்தப் பையனுக்கு என்ன பண்ணினோம்னு பாப்போம். சாமானுக்கு முன்னால எடம். பீரோ இடுக்குல போய் நிக்கிறவனுக்கு பாதுகாப்பா ஒரு இடுக்கை நாமளே செஞ்சு குடுக்கணும், அவ்வளவுதான் விஷயம். மூலையில ஒரு பழைய மேசை, அதுக்கு மேல தாத்தாவோட நல்லா துவைச்சு மெதுவான வேட்டியைத் தொங்கவிட்டோம், ஒரு பக்கம் தொறந்து இருக்கும். கீழே விரிக்க ஆச்சி ஆசையா பத்தமடைப் பாய் கொண்டுவந்தாவ, அதுல நைசா நெய்யுற பட்டுப்பாய் வழவழன்னு இருக்கும், சாதாரண கோரைப்பாய் சில பிள்ளைகளுக்குத் தொடையில உறுத்தும், அவன் அது மேல உக்காராம ஓரத்துல குதிகால்ல குத்தவச்சே இருந்தான், அதைப் பாத்ததும் பாயை எடுத்துட்டு காட்டன் போர்வையை மடிச்சுப் போட்டோம், ஒடனே காலை நீட்டிட்டான். அந்த மூலையில டியூப்லைட் சோக்கு உய்யுன்னு ஒரு சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சு, வீட்டுல யாருக்கும் அது கேக்கவே இல்ல, அதை மாத்தினாவ. அந்த எடத்துக்கு ரெண்டு சட்டம்தான், தப்பு பண்ணினதுக்குத் தண்டனையா அங்க அனுப்பக்கூடாது, அவன் உள்ள இருக்கும்போது யாரும் கையப் புடிச்சு வெளிய இழுக்கக்கூடாது.

அடுத்தது உடம்புக்கு அழுத்தம் குடுக்கிற வேலை. லேசாத் தடவுறது, கூசுறது, மயிலிறகால வருடுறது எல்லாம் உடம்பை உசுப்பிவிடும், நல்லா அழுத்தமா இருக்கிறதும் தசைக்கு வேலை குடுக்கிறதும் நெறைய பிள்ளைகள அமைதியாக்கும். இதுக்கு காசு குடுத்து எதுவும் வாங்க வேண்டாம். டிரம்மைத் தள்ளுறது அவனுக்கே புடிச்ச வேலை, அதுல கால்வாசி அரிசி இருக்கிற மாதிரி வச்சு காலையில ஒரு தடவை அடுக்களைக்கும் சாயங்காலம் திருப்பி ஸ்டோர் ரூமுக்கும்னு அதை அவனோட வேலையாவே ஆக்கிட்டோம். செடிக்கு சின்ன வாளியில தண்ணி தூக்கிட்டுப் போறது, பெட்ஷீட்ல தங்கச்சியை உக்கார வச்சு இழுக்கிறது, சுவத்தை ரெண்டு கையால தள்ளுறது எல்லாம் இதே கணக்குதான். போர்வையில சுருட்டுற விளையாட்டும் உண்டு, ஆனா தலையும் கழுத்தும் முகமும் எப்பவும் வெளியதான் இருக்கணும், அவனா உருண்டு வெளிய வர முடியுற அளவுக்குத்தான் சுத்தணும், "போதும்"னு சொன்னாலோ கையைத் தட்டினாலோ அந்த நொடியே பிரிச்சிரணும். பத்து நிமிஷம் இந்த மாதிரி வேலை செஞ்சுட்டு அப்புறம் முடி வெட்டவோ விருந்தாளி வர்ற வீட்டுலயோ உக்கார வச்சுப் பாருங்க, பல பிள்ளைகள்ட்ட வித்தியாசம் தெரியும், எல்லாப் பிள்ளைட்டயும் தெரியும்னு சொல்ல மாட்டேன்.

வெயிட் போட்ட போர்வை வாங்கலாமான்னு நெறைய பேரு கேக்காவ. 2014-ல பிரிட்டன்ல ஆட்டிசப் பிள்ளைகள வச்சு ஒரு ஆய்வு பண்ணினாவ, வெயிட் போர்வையால தூக்கம் கூடல, ஆனா பிள்ளைகளுக்கும் பெத்தவுகளுக்கும் சாதாப் போர்வையவிட அது புடிச்சிருந்துச்சு. அதனால தூக்கத்துக்காக அவ்வளவு காசு போடாதீங்க. முழிச்சிருக்கும்போது மடியில போட்டுக்கிட புடிக்குதுன்னா சரி, அதுவும் அவனா தள்ளிவிட முடியுற கனம்தான் இருக்கணும், சின்னக் குழந்தைக்கும், மூச்சுத் தொந்தரவோ வலிப்போ இருக்கிற பிள்ளைக்கும் வேண்டவே வேண்டாம்.

இனி சாமான். அம்பாசமுத்திரத்துல மரச் சொப்பு கடைசல் பிடிச்சு செய்யுதாவல்ல, அது இந்தப் பிள்ளைகளுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். கடைசல் மிஷின்ல மரம் சுத்தச் சுத்த அரக்கைத் தேச்சு ஏத்துறதால மேல்பாகம் முழுக்க ஒரே வழவழப்பு, எங்க தொட்டாலும் கைக்கு ஒரே மாதிரி இருக்கும், பேட்டரி கிடையாது, அடுப்பு பானை மூடின்னு தொறந்து மூட வசதி. மூடியைத் தொறந்து மூடி வரிசையா வச்சு, தட்டு சுத்துற மாதிரி கிண்ணத்தைச் சுத்திவிட்டு, அந்தப் பையன் அரைமணி நேரம் அசையாம உக்காந்து விளையாடினான். வரிசையாத்தானே அடுக்குதான், சமைக்கிற மாதிரி விளையாடலையேன்னு அவன் அம்மாவுக்கு ஒரு வருத்தம். வரிசையா அடுக்குறதும் விளையாட்டுதான், அதைக் கலைச்சு "இப்படிப் பண்ணு"ன்னு சொன்னா அமைதி போயிரும், வேணும்னா நீங்களும் பக்கத்துல உக்காந்து உங்களுக்குன்னு ஒரு வரிசை அடுக்குங்க, கொஞ்ச நேரம் கழிச்சு அவன் உங்க வரிசையைப் பாப்பான். ஒண்ணே ஒண்ணு, மரம் டைல்ஸ் தரையில விழுந்தா டக்குன்னு அடிக்கும், அதனால கீழே ஒரு துண்டை விரிச்சிருங்க. சாமானை வாங்கும்போது விளிம்புல சிலாம்பு இருக்கா, அரக்கு உரியுதான்னு விரலை ஓட்டிப் பாத்து வாங்குங்க.

தட்டு சுத்துறதைப் பாக்கப் புடிக்கிற பிள்ளைக்கு ஒரு பாட்டில் செஞ்சு குடுக்கலாம், வீட்டுலயே ஆகும். அரை லிட்டர் தெளிவான பாட்டில், அதுல பாதிக்குத் தண்ணி ஊத்தி கேசரி கலர் ஒரு சொட்டு, மீதிக்கு சூரியகாந்தி எண்ணெய், மேல ஒரு விரல் எடம் விட்டுட்டு மூடியை உள்பக்கம் நல்ல பசை தடவி இறுக்கி மூடிருங்க, ஒரு நாள் காய விடுங்க. கலர் தண்ணியில மட்டும்தான் புடிக்கும், எண்ணெயில கலராது, கவுத்தா கலர் தண்ணி குமிழ் குமிழா எண்ணெய்க்குள்ள இறங்கும், சத்தமே கிடையாது, கையில எதுவும் ஒட்டாது, கவுக்கிறதும் நிறுத்துறதும் அவன் கையில. தேங்காண்ணெய் ஊத்தாதீங்க, மார்கழிக் காலையில ஒறஞ்சுபோகும். வாரத்துக்கு ஒரு தடவை மூடி கசியுதான்னு பாருங்க, எண்ணெய் கையில பட்டா அந்தப் பாட்டிலை அதுக்கப்புறம் தொடவே மாட்டான்.

தொடுதலுக்கு வருவோம், இங்கதான் பெரியவுக அவசரப்படுதாவ. "தொடத்தொடத்தான் பழகும்"னு கையைப் புடிச்சு மாவுக்குள்ளயோ மணலுக்குள்ளயோ அமுக்குதாவ, அதுல பிள்ள பழகுறது மாவை இல்ல, "இவுக கையப் புடிச்சா ஆபத்து"ங்கிறதைத்தான். படி படியாத்தான் போகணும், காஞ்சது மொதல்ல, ஈரமும் பிசுபிசுப்பும் கடைசியில. கெட்டியா வழவழப்பா ஒவ்வொண்ணும் தனித்தனியா இருக்கிறது மொதப் படி, புளியங்கொட்டை, சோழி மாதிரி. பல்லாங்குழியில புளியங்கொட்டையைப் போடுறது ரொம்ப நல்ல வேலை, ஆட்டம் ஆட வேண்டாம், குழிக்கு ஒண்ணா போட்டுக்கிட்டே போனாப் போதும். அடுத்த படி உளுந்து, அரிசி. அதுக்கு அடுத்தது காஞ்ச ஆத்து மணல், அப்புறம் லேசா நனைச்ச மணல், அப்புறம்தான் மாவு, கடைசியிலதான் கோந்து, ஃபிங்கர் பெயிண்ட் எல்லாம், அந்தக் கடைசிக்குப் போகாமலேயே இருந்தாலும் ஒண்ணும் குறைஞ்சு போகாது.

ஒவ்வொரு படியிலயும் கைக்கு முன்னால ஒரு கருவி வரணும். அந்தப் பையனுக்கு ஒரு தாம்பாளத்துல அரிசி போட்டு எவர்சில்வர் கரண்டியும் சொப்புப் பானையும் குடுத்தோம், கரண்டியால அள்ளி பானையில ஊத்தணும். பக்கத்துல ஒரு காஞ்ச துண்டு எப்பவும் இருக்கும், எப்ப வேணும்னாலும் துடைச்சுக்கிடலாம், துடைக்கிறதை யாரும் தடுக்கக்கூடாது. மொதல்ல கரண்டியோட நுனியப் புடிச்சு கையைத் தூரமா வச்சு அள்ளினான், அப்புறம் புடி கீழ கீழ இறங்கி வந்துச்சு, ஒரு நாள் பானையில ஒட்டின ஒத்தை அரிசியை விரலால தட்டிவிட்டான், துடைக்கல. அந்த மாதிரி அவனாவே தொட்டு, துடைக்காம விடுறது சில தடவை நடந்தப்புறம்தான் அடுத்த படி. அப்பவும் மாவை நேரா கையில குடுக்கல, சப்பாத்தி மாவை ஜிப் கவருக்குள்ள போட்டு மூடி அமுக்கக் குடுத்தோம், மெதுமெதுப்பும் அழுத்தமும் கெடைக்கும், பிசுபிசுப்பு படாது.

வேகமாப் போறோம்னு எப்படித் தெரியும்? அழுகை வரும் வரைக்கும் காத்திருக்காதீங்க, அதுக்கு முன்னாலயே உடம்பு சொல்லிரும். விரல் எல்லாம் விசிறி மாதிரி விரியும், மணிக்கட்டு மேல தூக்கும், தோள் காதுக்கிட்ட ஏறும், மூச்சைப் புடிப்பான், தலையைத் திருப்புவான், திரும்பத் திரும்ப கையைச் சட்டையில துடைப்பான். இதுல ரெண்டு மூணு சேந்து வந்தா ஒரு படி இறங்கிருங்க, கரண்டிக்கே திரும்பிப் போங்க.

இதுல பாதுகாப்பு விஷயம் ஒண்ணு அழுத்தமாச் சொல்லணும். எதையும் வாயில போடுற பிள்ளை, மூக்குல காதுல திணிக்கிற பிள்ளைன்னா புளியங்கொட்டை, சோழி, உளுந்து எதுவும் வேண்டாம், வயசு அஞ்சோ ஏழோ அது கணக்கு இல்ல, அவன் கையில வாயைவிடப் பெரிய சாமானைத்தான் குடுக்கணும். மத்த பிள்ளைகளுக்கும் பக்கத்துல ஆளு இருக்கும்போது மட்டும்தான். பழைய பல்லாங்குழிப் பெட்டியில சில வீட்டுல குன்றிமணி கெடக்கும், சிவப்பும் கருப்புமா அழகா இருக்கும், அது கொடிய விஷம், கடிச்சு முழுங்கினா உசுருக்கே ஆபத்து, அதை எடுத்துத் தூரப் போட்டுருங்க. தண்ணியில ஊறி பெருசாகுற ஜெல் முத்தையும் சென்சரி சாமான்னு விக்காவ, முழுங்கினா குடலுக்குள்ள போய் வீங்கி அடைச்சுக்கிடும், வீட்டுக்குள்ளயே கொண்டுவராதீங்க. பட்டன் பேட்டரி இருக்கிற சாமானுக்கு மூடியில ஸ்குரூ இருக்கான்னு பாருங்க, முழுங்கினா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாயைப் பொசுக்கிரும், எக்ஸ்ரேக்கு ஒடனே ஓடணும்.

சத்தத்துக்கு வர்றேன். துபாய் காரை வீட்டுல என்ன பண்ணன்னு கேட்டாவ. பேட்டரியைக் கழட்டிட்டுக் குடுங்கன்னேன், சக்கரம் சுத்துதுல்ல, அது போதும் அவனுக்கு. பேட்டரி வேணும்னா ஸ்பீக்கர் ஓட்டை மேல நல்ல தடி டேப்பை ஒட்டினா சத்தம் நல்லாவே குறையும். கடையில வாங்கும்போது உங்க காதுக்குப் பக்கத்துல வச்சு அமுக்கிப் பாருங்க, பிள்ள விளையாடும்போது சாமான் முகத்துக்குப் பக்கத்துலதானே இருக்கும். 2021 ஜனவரி 1-ல இருந்து பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அது பாதுகாப்புக்கு நல்லது, ஆனா முத்திரை இருந்தா இந்தப் பிள்ளையோட காதுக்கு ஒத்துக்கும்னு அர்த்தம் இல்ல.

அவனே போடுற சத்தம் ஆகும்னு சொன்னேன்ல, அதுல இருந்துதான் ஆரம்பிக்கணும், அதுக்கு நம்ம ஊரு பனை ஓலைக் கிலுகிலுப்பையைவிட நல்லது நான் பாக்கல, உள்ள கெடக்கிற சின்னக் கல்லு ஓலையில உரசி சரசரன்னு மெதுவாத்தான் கேக்கும், பிளாஸ்டிக் கிலுக்கு மாதிரி உறைக்காது. அது பழகினப்புறம் மூடின டப்பாவுல கொஞ்சம் அரிசி, அப்புறம் கொஞ்சம் கூட. மிக்ஸிக்கும் இதே வழிதான். மொதல்ல வெறும் மிக்ஸி, பிளக் சொருகாம, திருகுற குமிழைத் திருகி விளையாடினான். அப்புறம் அவன் கூடத்துல நின்னுக்கிட்டு கையைக் காட்டினா அம்மா அடுக்களையில ஒரு நொடி ஓட்டி நிப்பாட்டுவாவ. கையை இறக்கினா நிக்கும். அடுத்தடுத்து கிட்ட வந்து, ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு அவனே குமிழைத் திருகினான். அதே மிக்ஸி சொல்லாம ஓடினா இன்னைக்கும் காதைப் பொத்துவான், அதனால ஓட்டுறதுக்கு முன்னால "மிக்ஸி வரப்போவுது, ஒண்ணு ரெண்டு மூணு"ன்னு சொல்லுத பழக்கத்தை வீட்டுல எல்லாரும் வச்சிருக்காவ.

காதை மூடுற ஹெட்ஃபோன், பாட்டு வராத சாதா வகை, ஃபேக்டரியில போடுற மாதிரி இருக்கும், அது நல்ல சாமான், ஆனா நாள் முழுக்கப் போடக்கூடாது. எப்பவும் மூடியே இருந்தா காது அந்த அமைதிக்குப் பழகிப்போய், கழட்டும்போது சாதாரண சத்தமும் பெருசாக் கேக்க ஆரம்பிச்சிரும். வெடி, மேளம், கல்யாண மண்டபம் மாதிரி எடத்துக்கு மட்டும். இதுல ஒரு சிக்கல், தொடுதல் ஆகாத பிள்ளைக்கு அந்த ஹெட்ஃபோனே தலையை அமுக்கி உறுத்தும், அதனால வேணுங்கிற அன்னைக்கு திடீர்னு மாட்டாம, பல நாளுக்கு முன்னாலேயே அமைதியான நேரத்துல, பாட்டிலைக் கவுத்துப் பாத்துக்கிட்டிருக்கும்போது ஒரு நிமிஷம், அப்புறம் ரெண்டு நிமிஷம்னு பழக்குங்க, வியர்வையில ரெக்சின் ஒட்டுதுன்னா மேல காட்டன் துணியில உறை தச்சுப் போடுங்க.

நம்ம பக்கம் கொடைன்னு சொல்லுத கோயில் திருவிழாதான் பெரிய பரீட்சை. தெரு முழுக்க குழாய் ஸ்பீக்கர், நையாண்டி மேளம், சாமக்கொடைக்கு நடுராத்திரியில வெடி, மூணு நாளைக்கு விடாது. அந்தப் பையனோட வீடு கோயில்ல இருந்து நாலாவது வீடு. குடும்பத்துக்காரவுக வேற ஊருக்கு அனுப்பிரலாமான்னு கேட்டாவ, அதுவும் தப்பில்ல, ஆனா தாத்தாவுக்குப் பேரனோட கும்பிடணும்னு ஆசை. அதனால கொடைக்கு முன்னால கம்பு நடுற கால்நாட்டு முடிஞ்சதுமே கூட்டம் இல்லாத காலை நேரத்துல கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் சும்மா சுத்திட்டு வந்தாவ, மேளம் எங்க நிக்கும்னு காமிச்சாவ. மேளச் சத்தத்தை ஃபோன்ல பதிவு பண்ணி, வால்யூம் பட்டனை அவன் கையில குடுத்து, கூட்டிக் கொறச்சு விளையாட விட்டாவ. கொடை அன்னைக்கு மத்தியானம், டிரம்மை ரெண்டு தடவை தள்ளிட்டு, ஹெட்ஃபோன் மாட்டி, ஒரு பையில பாட்டிலும் சொப்பும் துண்டும் பழைய பனியனும் எடுத்துக்கிட்டு, மேளம் அடிக்கிற எடத்துக்கு எதிர்ப்பக்கம் ஆலமரத்தடியில நின்னாவ. சந்தனம் பூச வந்தவுகட்ட அம்மா முன்னாலயே, "அண்ணாச்சி, அவன் நெத்தியில வேண்டாம், என் கையில குடுங்க"ன்னுட்டாவ. பையன் வீட்டைக் காட்டினான், ஒடனே கிளம்பிட்டாவ, இன்னும் கொஞ்ச நேரம்னு யாரும் சொல்லல. சாமக்கொடை வெடிக்கு வீட்டுல உள் ரூம், சன்னல்ல கம்பளி தொங்கவிட்டு, மேசைக்கு அடியில வேட்டித் திரைக்குள்ள தாத்தாவும் அவனுமா இருந்தாவ.

ஒண்ணு கவனிங்க, சத்தமில்லாம இருக்கிற பிள்ள எல்லாம் அமைதியா இருக்குன்னு நினைச்சிராதீங்க. தாங்க முடியாம உள்ளுக்குள்ள அடைஞ்சுபோயும் சில பிள்ள அசையாம உக்காந்திருக்கும், பாக்கிறவுக "எவ்வளவு சமத்தா இருக்கான்"ம்பாவ. வித்தியாசம் இப்படித் தெரியும், அமைதியா இருக்கிறவன் உடம்பு தளர்ந்து இருக்கும், கை சாமானோட ஏதாவது பண்ணிக்கிட்டே இருக்கும், ரெண்டு சாமானை நீட்டினா ஒண்ணை எடுப்பான். அடைஞ்சுபோனவன் கண்ணு ஒரே எடத்துல நிலைக்குத்தி நிக்கும், தோளும் தாடையும் இறுகி இருக்கும், புடிச்ச முறுக்கை நீட்டினாக் கூட கை வராது. அப்படின்னா எந்த சாமானும் குடுக்காதீங்க, பேச்சும் குடுக்காதீங்க, லைட்டைக் கொறச்சு, சத்தத்தைக் கொறச்சு, கூட இருங்க, அவனா தலை நிமிர அரைமணி நேரம் ஆனாலும் ஆகும்.

மேல சொன்னதை எல்லாம் வீட்டுலயே செய்யலாம். ஆனா சாப்பாட்டுல நாலஞ்சு பதார்த்தத்துக்கு மேல எதையும் தொடாம எடை கொறையுது, சத்தம் வந்தா தலையைச் சுவத்துல முட்டுதான், காதைக் கையால அடிச்சுக்கிடுதான்னா ஓ.டி.ட்டயும் டாக்டர்ட்டயும் நேர்ல காட்டுங்க. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல இந்தப் பிள்ளைகளுக்குன்னு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் வச்சிருக்காவ, பதினெட்டு வயசு வரைக்கும் இலவசமாப் பாப்பாவ. போகும்போது அந்த நோட்டை எடுத்துட்டுப் போங்க, கூடவே அவனுக்குப் புடிச்ச சாமான் ஒண்ணும் பழைய பனியனும், வரிசையில காத்துக் கெடக்க நேரமாகும்.